கல்லூரி சொல்லும் சராசரி 35, மாணவர் பார்ப்பது 110: இரண்டும் எப்படி உண்மையாகும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் முதலில் பார்க்கும் விவரங்களில் ஒன்று வகுப்பின் அளவு. "எங்கள் வகுப்பில் சராசரியாக 35 பேர்தான்", "எங்கள் வகுப்புகளில் 60 சதவீதம் 20 பேருக்கும் குறைவானவை" என்று கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். போய்ச் சேர்ந்த பிறகு முதல் பருவத்திலேயே பிள்ளை உட்காருவது 250 பேர் நிறைந்த விரிவுரைக் கூடத்தில். அடுத்த வகுப்புக்குப் போனால் அங்கேயும் பெருங்கூட்டம். கையேட்டில் பொய் எழுதிவிட்டார்கள் என்ற கோபம் வருவது இயல்பு.

பொய் எழுதியவர்களும் உண்டு. அப்படி ஒரு வழக்கைக் கீழே பார்ப்போம். ஆனால் ஒரு எண்கூடப் பொய் இல்லாமல், பதிவேட்டை அப்படியே கூட்டி வகுத்தாலும் இந்த இடைவெளி வரும். காரணம் சராசரி எடுக்கும் முறையிலேயே இருக்கிறது. 1977-ல் ஸ்காட் ஃபெல்ட், பெர்னார்ட் குரோஃப்மன் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு 'வகுப்பளவு முரண்' என்று பெயரிட்டு, மாணவர்களுக்கு இதனால் என்ன நேர்கிறது என்று விளக்கினார்கள்.

## யாரை எண்ணுகிறோம்?

ஒரு கல்லூரியில் இரண்டே வகுப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் 10 பேர், மற்றதில் 90 பேர்.

1. கல்லூரி அலுவலகம் வகுப்புகளை எண்ணுகிறது. 10-ஐயும் 90-ஐயும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. சராசரி 50.

2. இப்போது வாசலில் நின்று, வெளியே வரும் 100 மாணவர்களிடமும் "உன் வகுப்பில் எத்தனை பேர்?" என்று கேட்கிறோம். 10 பேர் "10" என்கிறார்கள். 90 பேர் "90" என்கிறார்கள். எல்லாப் பதில்களையும் கூட்டினால் 100 + 8,100 = 8,200. அதை 100 பேரால் வகுத்தால் 82.

யாரும் தப்பாகச் சொல்லவில்லை. முதல் கணக்கில் இரண்டு வகுப்புக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. இரண்டாவது கணக்கில் சின்ன வகுப்புக்கு 10 ஓட்டு, பெரிய வகுப்புக்கு 90 ஓட்டு. கூட்டமான வகுப்பில் சாட்சிகள் அதிகம். காலியான வகுப்பைப் பார்த்த சாட்சிகள் குறைவு. ஐந்து பேர் படிக்கும் வகுப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்ல உலகத்தில் ஐந்து பேர்தான் இருப்பார்கள்.

இனி இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்வோம். வகுப்புகளை எண்ணி எடுப்பது வகுப்புவழிச் சராசரி. மாணவர்களைக் கேட்டு எடுப்பது மாணவர்வழிச் சராசரி. புள்ளியியலில் இரண்டாவதை நிறையிட்ட சராசரி என்பார்கள். இங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் தரப்படும் நிறை அதில் உள்ள மாணவர் எண்ணிக்கை.

## 100 வகுப்புகள் உள்ள ஒரு கல்லூரி

இரண்டு வகுப்புக் கல்லூரி எங்கேயும் கிடையாது. நிஜத்துக்குக் கொஞ்சம் நெருக்கமான ஒன்றை உருவாக்குவோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. ஆனால் அவற்றின் வடிவம், அதாவது நிறைய சின்ன வகுப்புகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய பிரம்மாண்ட விரிவுரைகளும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வழக்கமாகப் பார்ப்பதுதான்.

கல்லூரியில் 700 மாணவர்கள். ஒவ்வொருவரும் பருவத்துக்கு 5 பாடம் எடுக்கிறார்கள். ஆக மொத்தம் 3,500 பதிவுகள். இவை 100 வகுப்புகளில் இப்படிப் பரவியிருக்கின்றன:

- 15 பேர் கொண்ட வகுப்புகள் 60 (மொத்தம் 900 பதிவுகள்)
- 30 பேர் கொண்ட வகுப்புகள் 25 (750 பதிவுகள்)
- 60 பேர் கொண்ட வகுப்புகள் 10 (600 பதிவுகள்)
- 250 பேர் கொண்ட வகுப்புகள் 5 (1,250 பதிவுகள்)

வகுப்புவழிச் சராசரி 3,500-ஐ 100-ஆல் வகுத்தால் வருவது: 35. கையேட்டில் ஏறும் எண் இது.

மாணவர்வழிச் சராசரிக்கு ஒவ்வொரு வகுப்பின் அளவையும் அதே அளவால் பெருக்கிக் கூட்ட வேண்டும், ஏனென்றால் 250 பேர் வகுப்பைப் பற்றி 250 பேர் "250" என்று சொல்வார்கள். கூட்டினால் 3,84,500. அதை 3,500 பதிவுகளால் வகுத்தால் கிட்டத்தட்ட 110.

கையேட்டு எண்ணைவிட மூன்று மடங்குக்கும் மேல். இதில் சதவீதக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 20 பேருக்குக் குறைவான வகுப்புகள் 60 சதவீதம் என்று கல்லூரி சொல்வது சரி. ஆனால் அந்த 60 வகுப்புகளில் இருப்பவை 900 பதிவுகள்தான், மொத்தத்தில் சுமார் 26 சதவீதம். மறுபக்கம், 250 பேர் வகுப்புகள் எண்ணிக்கையில் வெறும் 5 சதவீதம். ஆனால் பதிவுகளில் 36 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. ஒரு மாணவரின் ஐந்து பாடங்களில் சராசரியாக ஒன்றேகால்தான் சின்ன வகுப்பு. இரண்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பெரிய கூடம்.

## இடைவெளி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது எது?

இரண்டு சராசரிகளுக்கும் இடையே ஒரு எளிய தொடர்பு உண்டு:

மாணவர்வழிச் சராசரி = வகுப்புவழிச் சராசரி + (விலக்க வர்க்கச் சராசரி ÷ வகுப்புவழிச் சராசரி)

விலக்க வர்க்கச் சராசரி என்பது பத்தாம் வகுப்புக் கணக்கில் வருவதுதான். ஒவ்வொரு வகுப்பும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்து, அந்த விலகலை வர்க்கப்படுத்தி, எல்லாவற்றுக்கும் சராசரி எடுப்பது. நம் கல்லூரியில் அது 2,620. அதை 35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 75. 35-உடன் 75-ஐக் கூட்டினால் அதே 110.

இந்தச் சூத்திரத்திலிருந்து மூன்று விஷயங்கள் நேராக வருகின்றன.

1. எல்லா வகுப்புகளும் ஒரே அளவில் இருந்தால் விலகல் பூஜ்யம். இரண்டு சராசரிகளும் ஒன்றே. ஒரே அளவுப் பிரிவுகள் உள்ள பள்ளிகளில் இந்தக் குழப்பம் அவ்வளவாக வராததற்குக் காரணம் இதுதான்.

2. வர்க்கம் எதிர்க்குறியாக முடியாது. அதனால் மாணவர்வழிச் சராசரி ஒருபோதும் வகுப்புவழிச் சராசரிக்குக் கீழே போகாது. இடைவெளி எப்போதும் ஒரே திசையில்தான். "சில கல்லூரிகளில் கூடும், சில கல்லூரிகளில் குறையும்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

3. விலகலை வர்க்கப்படுத்துவதால், எண்ணிக்கையில் கொஞ்சமாக இருக்கும் மிகப் பெரிய வகுப்புகள் கணக்கை இழுத்துக்கொண்டு போகின்றன. நம் கல்லூரியின் 3,84,500-இல் 3,12,500 அந்த ஐந்து வகுப்புகளிலிருந்து மட்டும் வந்தது.

ஃபெல்ட் 1991-ல் இதே கணக்கை நட்புக்குப் பொருத்தி, பெரும்பாலானவர்களுக்குத் தங்களைவிடத் தங்கள் நண்பர்களுக்கு அதிக நண்பர்கள் இருப்பதாகத் தோன்றுவது ஏன் என்று விளக்கினார். அங்கேயும் நண்பர் நிறைய உள்ளவர்தான் நிறையப் பேருடைய பட்டியலில் இடம்பெறுகிறார்.

## 14, 35, 110

குழப்பத்தைக் கூட்ட மூன்றாவது எண் ஒன்றும் இருக்கிறது: மாணவர் - ஆசிரியர் விகிதம். நம் கல்லூரியில் 50 ஆசிரியர்கள், ஆளுக்கு இரண்டு வகுப்பு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், 700-ஐ 50-ஆல் வகுத்து 14. "ஒரு ஆசிரியருக்கு 14 மாணவர்" என்று படிப்பவர் மனதில் 14 பேர் உட்கார்ந்திருக்கும் அறை ஒன்று தோன்றிவிடுகிறது. அப்படி ஒரு அறை அந்தக் கல்லூரியில் இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

14 எப்படி 35 ஆகிறது? மாணவர் 5 பாடம் எடுக்கிறார். ஆசிரியர் 2 வகுப்புதான் எடுக்கிறார். 14-ஐ 5-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 35. ஆசிரியர்கள் ஆராய்ச்சிக்கு அதிக நேரம் ஒதுக்கி, எடுக்கும் வகுப்புகளைக் குறைத்துக்கொண்டால் விகிதம் 14-லேயே நிற்கும். ஆனால் வகுப்பு வீங்கும். 35 எப்படி 110 ஆகிறது என்பதை மேலே பார்த்துவிட்டோம்: வகுப்புகள் சமமில்லாததால்.

ஆக ஒரே கல்லூரி, ஒரே பருவம், ஒரே பதிவேடு. மூன்று எண்களும் நேர்மையானவை. ஆசிரியர்களைக் கூப்பிட்டுக் கேட்டால், எல்லோரும் இரண்டிரண்டு வகுப்பு எடுப்பதால், அவர்கள் சொல்வதன் சராசரியும் 35 என்றே வரும். மாணவர்கள் சலித்துக்கொள்ளும்போது ஆசிரியர்கள் "அவ்வளவு கூட்டமா இருக்கிறது?" என்று உண்மையாகவே ஆச்சரியப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## கொலம்பியா வழக்கில் நடந்தது என்ன?

யூ.எஸ். நியூஸ் அண்ட் வேர்ல்டு ரிப்போர்ட் வெளியிடும் கல்லூரித் தரவரிசையில் வகுப்பளவுக்கு ஒரு பங்கு இருந்தது. 20 பேருக்குக் குறைவான வகுப்புகள் எத்தனை சதவீதம் என்பதற்கு முழு மதிப்பு, 20 முதல் 29 வரை உள்ளவற்றுக்குக் கொஞ்சம் குறைவு, இப்படியே இறங்கி, 50-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ மதிப்பே இல்லை.

2022 பிப்ரவரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகம் தந்த விவரங்களையே கேள்விக்குள்ளாக்கினார். இளநிலை வகுப்புகளில் 82.5 சதவீதம் 20 பேருக்குக் குறைவானவை என்று கொலம்பியா சொல்லியிருந்தது. பொதுவில் கிடைத்த வகுப்புப் பட்டியலை எடுத்து அவர் எண்ணிப் பார்த்தபோது அது 60-களில்தான் நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பல்கலைக்கழகம் திருத்திய விவரத்தை வெளியிட்டது: 57.2 சதவீதம். தரவரிசையில் 2-ஆம் இடத்தில் இருந்த கொலம்பியா 18-க்கு இறங்கியது. 2023 செப்டம்பரில் யூ.எஸ். நியூஸ் வகுப்பளவைத் தரவரிசைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டது.

அந்தச் செய்தி வந்த நாட்களில் எல்லோரும் 82.5 எங்கே, 57.2 எங்கே என்றுதான் பேசினார்கள். தவறான எண்ணை வெளிக்கொண்டுவந்தது பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் திருத்திய 57.2-கூட வகுப்புகளின் சதவீதம்தான். ஒரு மாணவர் தன் படிப்பு நேரத்தில் எத்தனை பங்கைச் சின்ன வகுப்பில் கழிக்கிறார் என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. நம் மாதிரிக் கல்லூரியில் 60 சதவீதம் என்பது மாணவர் பக்கம் வந்ததும் 26 ஆகச் சுருங்கியதை நினைத்துப் பாருங்கள். எண் சரியாக இருந்தாலும் கேட்ட கேள்வி மாறிப்போயிருக்கிறது.

## வெளியிலிருந்து கணக்குப் போட முடியுமா?

ஓரளவுக்கு முடியும். அமெரிக்கக் கல்லூரிகள் பல 'காமன் டேட்டா செட்' என்ற பொதுவான விவரத் தொகுப்பை ஆண்டுதோறும் நிரப்பி வெளியிடுகின்றன. அதில் I-3 என்ற பகுதியில் இளநிலை வகுப்புகள் அளவுவாரியாக இருக்கும்: 2 முதல் 9, 10 முதல் 19, 20 முதல் 29, 30 முதல் 39, 40 முதல் 49, 50 முதல் 99, அப்புறம் 100-க்கு மேல். இடைவெளி ஒவ்வொன்றின் நடு எண்ணை எடுத்து, வகுப்பு எண்ணிக்கையால் பெருக்கி, மேலே சொன்னபடி கணக்கிடலாம்.

சிக்கல் கடைசி வரியில். "100-க்கு மேல்" என்றால் 110-ஆ, 600-ஆ? நம் கல்லூரியின் பட்டியலை இந்த வடிவத்தில் மட்டும் பார்த்த ஒருவர், கடைசி வரியின் வகுப்புகளை 100 என்று எடுத்துக்கொண்டால் மாணவர்வழிச் சராசரி 50 என்று வரும். 300 என்று எடுத்துக்கொண்டால் 138. உண்மையில் அது 110. கணக்கை அதிகம் இழுக்கும் வகுப்புகள் எவையோ, அவற்றின் அளவுதான் பட்டியலில் தெரியவில்லை. வகுப்புவழிச் சராசரியோ இந்த இரண்டு ஊகத்திலும் 30-க்கும் 40-க்கும் நடுவில்தான் ஆடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 250 பேர் விரிவுரையை வாரத்தில் ஒரு மணி நேரம் 25 பேர் கொண்ட பத்துக் கலந்துரையாடல் குழுக்களாகப் பிரிப்பது அங்கே வழக்கம். குழுக்களைப் பெரும்பாலும் முதுநிலை மாணவர்கள் நடத்துவார்கள். காமன் டேட்டா செட்டில் முழு வகுப்புக்கு ஒரு வரி, இப்படிப்பட்ட துணைப் பிரிவுகளுக்குத் தனியாக ஒரு வரி. கையேட்டில் சொல்லும் "சராசரி" இவை இரண்டையும் சேர்த்துப் போட்டதாக இருந்தால், ஒரு பெரிய வகுப்பும் பத்துச் சின்னக் குழுக்களும் பதினொரு வகுப்புகளாகி, சராசரி 45-க்கு இறங்கிவிடும். அதே 250 பேர், அதே ஒரு பேராசிரியர்.

முழு வகுப்புப் பட்டியல் கையில் கிடைத்தால் ஊகத்துக்கே வேலையில்லை. பல பல்கலைக்கழகங்களின் இணைய அட்டவணையில் ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்பது தெரியும். 100 வகுப்புகள் என்றால் அந்த எண்களை விரிதாளில் A2 முதல் A101 வரை போட்டு, கீழே உள்ள இரண்டையும் தட்டினால் போதும். முதல் வரி வகுப்புவழி, இரண்டாவது மாணவர்வழி.

```
=AVERAGE(A2:A101)
=SUMPRODUCT(A2:A101,A2:A101)/SUM(A2:A101)
```

## ஐந்து புதிய வகுப்புகளை எங்கே திறப்பது?

இது வெறும் கணக்கு விளையாட்டாக நின்றிருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. எந்தச் சராசரியை மேசையில் வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பணம் போகும் திசையே மாறுகிறது.

நம் கல்லூரிக்கு ஐந்து புதிய வகுப்புகள் திறக்க நிதி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு யோசனைகள் வருகின்றன.

யோசனை 1: 30 பேர் வகுப்புகளில் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, 15 பேர் வகுப்புகள் பத்து ஆக்குவது.

யோசனை 2: 250 பேர் விரிவுரைகள் ஐந்தையும் இரண்டிரண்டாகப் பிரித்து, 125 பேர் வகுப்புகள் பத்து ஆக்குவது.

இரண்டிலும் மொத்தம் 105 வகுப்புகள். 3,500-ஐ 105-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் வகுப்புவழிச் சராசரி 33.3. கல்லூரி அறிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. சொல்லப்போனால் முதல் யோசனைதான் அழகாகத் தெரியும், ஏனென்றால் 20 பேருக்குக் குறைவான வகுப்புகளின் பங்கு 60-லிருந்து 67 சதவீதமாக ஏறுகிறது. இரண்டாவதில் அது 57-ஆக இறங்கிவிடும்.

மாணவர் பக்கம் வந்து பார்ப்போம். முதல் யோசனையில் மாணவர்வழிச் சராசரி 109.9-லிருந்து 109.2 ஆகிறது. ஒரு ஆள்கூட முழுசாகக் குறையவில்லை. இரண்டாவதில் அது 65-க்கு இறங்குகிறது. அதே ஐந்து வகுப்பு, அதே செலவு.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம், அதுவும் ஒரு பைசா செலவில்லாமல். தரவரிசை 20-ல் கோடு போட்டால், 19-ல் உச்சவரம்பு வைக்கும் ஆசை வரத்தான் செய்யும். 30 பேர் வகுப்புகளில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் 19 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்கிறது கல்லூரி. வெளியே தள்ளப்பட்ட 110 பேரும் ஐந்து பெரிய விரிவுரைகளில் ஏற்றப்படுகிறார்கள். அவை 250-லிருந்து 272 ஆகின்றன. வகுப்புகள் 100-தான், சராசரி 35-தான். 20-க்குக் கீழ் உள்ள வகுப்புகள் 60-லிருந்து 70 சதவீதமாகின்றன. மாணவர்வழிச் சராசரியோ 110-லிருந்து 125-க்குப் போகிறது. அறிக்கை முன்னேறுகிறது, படிப்பவர்களின் நிலை பின்னேறுகிறது. இப்படிச் செய்கிற நிர்வாகத்தை வகுப்புவழி எண்களை வைத்துக்கொண்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

## 110-ம் முழுக்கதை இல்லை

மாணவர்வழிச் சராசரியை மந்திரக்கோல் ஆக்கிவிடவும் கூடாது. 700 பேருக்கும் 110 என்ற அனுபவம் சமமாகக் கிடைப்பதில்லை. முதலாண்டில் 250 பேர் இருக்கிறார்கள், ஐந்து பெரிய விரிவுரைகளும் அவர்களுடைய கட்டாயப் பாடங்கள் என்று கொள்வோம். அப்போது முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஐந்து பாடமும் 250 பேரோடுதான். மீதி 450 பேருக்கு மாணவர்வழிச் சராசரி 32. 110 பேர் உள்ள வகுப்பில் உட்கார்ந்தவர் கல்லூரி முழுவதிலும் ஒருவர்கூட இல்லை.

அதனால் ஒரு கல்லூரியிடம் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாக வைக்க வேண்டும். "சராசரி வகுப்பளவு என்ன?" என்று கேட்டால் 35 என்று பதில் வரும், அதைத் தப்பு சொல்ல முடியாது. "முதலாண்டு மாணவர் ஒருவர், இந்தத் துறையில், கடந்த பருவத்தில் எடுத்த ஐந்து பாடங்களிலும் தனித்தனியாக எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று கேட்டால் மழுப்ப இடமிருக்காது.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. மாணவர்களிடம் கருத்துக்கணிப்பு எடுத்து, "இந்தக் கல்லூரியின் சராசரி வகுப்பில் 110 பேர்" என்று எழுதினால் அது தவறு. ஆசிரியர் பணிச்சுமையைக் கணக்கிடுபவருக்கும், எத்தனை அறை வேண்டும் என்று திட்டமிடுபவருக்கும் தேவை 35. மாணவர் பதில்களிலிருந்து அதை மீட்க வழி உண்டு: 250 என்று சொன்னவருக்கு 250-இல் ஒரு பங்கு நிறை, 15 என்று சொன்னவருக்கு 15-இல் ஒரு பங்கு நிறை. ஒரு வகுப்பில் உள்ள எல்லோருடைய நிறையையும் கூட்டினால் சரியாக ஒன்று வரும், அதாவது வகுப்புக்கு மறுபடி ஒரே ஓட்டு. இப்படி எடுப்பதுதான் இசைச் சராசரி. ஆனால் 15 பேர் வகுப்பிலிருந்து யாருமே கணக்கெடுப்பில் சிக்காமல் போனால் இந்தத் திருத்தமும் கைகொடுக்காது.

## நம் ஊர்ப் பள்ளிகளில்

தமிழ்நாட்டில் வகுப்பளவைவிட அதிகம் பேசப்படுவது மாணவர் - ஆசிரியர் விகிதம். அங்கேயும் இதே கணக்குத்தான், வகுப்பு இருந்த இடத்தில் பள்ளி வந்து நிற்கிறது.

ஒரு ஒன்றியத்தில் பத்துத் தொடக்கப் பள்ளிகள் இருப்பதாகக் கற்பனை செய்வோம். ஒன்பது கிராமப் பள்ளிகளில் தலா 20 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். பெரிய ஊரில் உள்ள பத்தாவது பள்ளியில் 420 பிள்ளைகள், 7 ஆசிரியர்கள்.

1. பள்ளிவாரி விகிதத்தைக் கூட்டிப் பத்தால் வகுத்தால்: ஒன்பது பள்ளிகளில் 10, ஒன்றில் 60. சராசரி 15.

2. ஒன்றியத்தின் மொத்தப் பிள்ளைகளை மொத்த ஆசிரியர்களால் வகுத்தால்: 600-க்கு 25 பேர். விகிதம் 24.

3. பிள்ளைகளைக் கேட்டால்: 180 பேர் "10" என்பார்கள், 420 பேர் "60" என்பார்கள். சராசரி 45.

முதல் எண்ணைப் பார்ப்பவர் இந்த ஒன்றியத்தில் ஆசிரியர் உபரி என்பார். இரண்டாவதைப் பார்ப்பவர் விதிப்படி எல்லாம் சரி என்பார். பத்தில் ஏழு பிள்ளைகள் 60-க்கு ஒரு ஆசிரியர் உள்ள பள்ளியில் இருப்பது மூன்றாவதில்தான் தெரிகிறது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. அதன் அட்டவணைப்படி 1 முதல் 5 வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4, 200 வரை 5. 200-ஐத் தாண்டினால் தலைமையாசிரியரை நீக்கி ஆசிரியருக்கு 40 பேருக்கு மேல் போகக் கூடாது. 25-ஆம் பிரிவு இந்த விகிதம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்கிறது. மாவட்டச் சராசரி சரியாக இருக்கிறது, மாநிலச் சராசரி சரியாக இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தச் சட்டப்படி நம் கற்பனை ஒன்றியத்தின் பெரிய பள்ளிக்கு, தலைமையாசிரியர் போக, குறைந்தது 11 ஆசிரியர்கள் வேண்டும். கிராமப் பள்ளிகள் ஒன்பதிலும் இரண்டிரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும் என்பதால், அங்கிருந்து எடுத்து இங்கே போடவும் வழியில்லை. புதிதாகத்தான் நியமிக்க வேண்டும். "24-க்கு ஒருவர்" என்ற சராசரியை நம்பி நியமனக் கோப்பை மூடிவிட்டால், அந்த 420 பிள்ளைகளும் அப்படியே இருப்பார்கள்.